பாக்குக்கு எத்தனை பிள்ளைகள்? ஒரே குடும்பத்துக்கு ஐந்து விடைகள் கிடைப்பது ஏன்

ஜெர்மானிய இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாக்கின் (1685–1750) பிள்ளைகள் எத்தனை பேர் என்று தேடினால் ஓரிடத்தில் 20 என்று இருக்கும். இன்னோரிடத்தில் 10. அவருடைய சொத்தைப் பங்கு போட்ட கணக்கில் 9. அவரே கைப்பட எழுதிய கடிதத்தில் 7. அவர் தொகுத்த குடும்ப வரலாற்றில் 6. ஏதோ ஒன்றுதான் சரி, மற்றவை பிழை என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் ஐந்துமே சரி. ஒவ்வொன்றும் ஒவ்வொரு கேள்விக்கான விடை, அவ்வளவுதான்.

குழந்தைகள் அதிகமாக இறந்த காலத்தில் வாழ்ந்த யாரைப் பற்றிப் படித்தாலும் இந்தக் குழப்பம் வரும். பாக் குடும்பத்தை எடுத்துக்கொள்வதற்குக் காரணம், அங்கே ஆவணங்கள் நன்றாகக் கிடைக்கின்றன. எந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதைப் படிப்படியாகப் பிரித்துப் பார்க்க முடிகிறது.

## முதலில் குடும்பத்தைப் பார்ப்போம்

பாக் இரண்டு முறை மணந்தார். முதல் மனைவி மரியா பார்பரா, 1707-இல் திருமணம். 1708-இலிருந்து 1718 வரை அவருக்கு ஏழு குழந்தைகள். இவர்களில் இருவர் 1713 பிப்ரவரியில் பிறந்த இரட்டையர். ஆண் குழந்தை அன்றே இறந்தது. பெண் குழந்தை மூன்று வாரம்கூட இருக்கவில்லை. கடைசிப் பிள்ளை லியோபோல்ட் அகஸ்டஸ் பத்து மாதக் குழந்தையாக 1719-இல் இறந்தான். அடுத்த ஆண்டு தாயும் 35 வயதில் காலமானார். அப்போது மிஞ்சியிருந்தவர்கள் நால்வர்: மூத்த மகள் கத்தரீனா டொரோத்தியா, அவளுக்குப் பின் வில்ஹெல்ம் ஃப்ரீடமான், கார்ல் ஃபிலிப் எமானுவேல், காட்ஃப்ரீட் பெர்ன்ஹார்ட் ஆகிய மூன்று தம்பிகள்.

1721 டிசம்பரில் பாக் அன்னா மக்தலேனாவை மணந்தார். அவருக்கு அப்போது 20 வயது. மூத்த மகளைவிட ஏழு வயதுதான் பெரியவர். 1723 முதல் 1742 வரை பதின்மூன்று குழந்தைகள் பிறந்தன. அவர்களில் ஏழு பேர் ஐந்து வயதைக் காணவில்லை.

ஆக 7 + 13 = 20. இவர்களில் 10 பேர் ஐந்து வயதுக்குள் இறந்தார்கள். அந்தப் பத்துப் பேரையும் ஒரே கூட்டமாகப் பார்க்கக் கூடாது. சிசு மரணம் என்றால் ஒரு வயது நிறைவதற்குள் நேரும் மரணம். அந்தக் கணக்கில் வருபவர்கள் ஆறு பேர். அதிலும் ஐந்து பேர் சில நாட்களோ சில வாரங்களோதான் இருந்தார்கள், 1733-இல் பிறந்த யோஹான் ஆகஸ்ட் ஆபிரகாம் ஞானஸ்நானம் பெற்ற மறுநாளே இறந்தான். மீதி நான்கு பேர் ஒன்றிலிருந்து நான்கு வயது வரை வாழ்ந்தார்கள். 1728-இல் பிறந்த ரெகினா யோஹன்னா நான்கரை வயது வரை இருந்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஓடி வந்திருப்பாள், அண்ணன்மார் வாசிப்பதைக் கேட்டிருப்பாள். “சிறு வயதில் இறந்தவர்கள்” என்ற ஒரே வரியில் இவளையும் ஒருநாள் குழந்தையையும் சேர்த்துவிடுகிறோம். குடும்பத்துக்கு அந்த இரண்டு இழப்புகளும் ஒன்றாக இருந்திருக்க முடியாது.

## ஐந்து எண்கள், ஐந்து கேள்விகள்

1. எத்தனை குழந்தைகள் பிறந்தன? 20. இந்த எண்ணுக்குத் தேவாலயப் பதிவேடுகளும் அச்சில் வந்த இரங்கல் குறிப்பும் ஆதாரம். பாக்கின் மகன் எமானுவேலும் மாணவர் அக்ரிகோலாவும் எழுதிய அந்தக் குறிப்பு 1754-இல் வெளிவந்தது. முதல் மணத்தில் ஏழு பேர், இரண்டாவதில் பதின்மூன்று பேர் என்று, ஆண் பெண் வாரியாகவும் பிரித்துச் சொல்கிறது. இறந்த குழந்தைகளையும் விடாமல் எண்ணிய ஆவணம் இது.

2. எத்தனை பேர் பெரியவர்களாக வளர்ந்தார்கள்? 10. பொதுவாகக் கட்டுரைகளில் வரும் எண் இதுதான்.

3. தந்தை இறந்தபோது எத்தனை பேர் உயிரோடு இருந்தார்கள்? 9. பெர்ன்ஹார்ட் 1739-இல் 24 வயதில் இறந்துவிட்டதால் ஒன்று குறைகிறது. 1750-இல் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்குப் போனது. மீதியை ஒன்பது பிள்ளைகள் பிரித்துக்கொண்டார்கள். சொத்துப் பத்திரத்துக்கு இறந்தவர்களைப் பற்றிக் கவலை இல்லை. பாக்கின் குடும்பத்தைப் பற்றி அந்த ஒரு பத்திரம் மட்டும் நமக்குக் கிடைத்திருந்தால், அவருக்கு ஒன்பது பிள்ளைகள் என்றுதான் எழுதி வைத்திருப்போம்.

4. 1730-இல் எத்தனை பேர்? 7. அந்த ஆண்டு அக்டோபரில் பாக் தன் பழைய நண்பர் எர்ட்மானுக்கு, வேறு வேலை கிடைக்குமா என்று கேட்டு ஒரு கடிதம் எழுதினார். முதல் மணத்தில் மூன்று மகன்கள், ஒரு மகள். இரண்டாம் மணத்தில் ஒரு மகன், இரண்டு மகள்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்று அதில் குறிப்பிட்டார். அந்த நாளுக்குள் அவருக்குப் பிறந்திருந்தவர்கள் பதினான்கு பேர். பாதிப் பேரைப் பற்றிக் கடிதத்தில் பேச்சே இல்லை.

5. குடும்பத்தின் இசை மரபில் சேர்ந்த பிள்ளைகள் எத்தனை பேர்? 6. 1735 வாக்கில் பாக் தொகுத்த குடும்ப வரலாறு, இசையில் ஈடுபட்ட ஆண்களின் வரிசை. அதில் தன் ஆறு மகன்களை மட்டும் சேர்த்தார். மகள்களும் இல்லை, குழந்தையாக இறந்த மகன்களும் இல்லை.

நான்காவது எண்ணில் கவனிக்க ஒன்று இருக்கிறது. பெற்ற தந்தையே எழுதிய கடிதம் என்பதால் அதைவிட நம்பகமான சான்று வேறில்லை என்று தோன்றும். நம்பகமானதுதான், ஆனால் முழுமையானது இல்லை. “உயிரோடு இருக்கிறார்கள்” என்ற சொற்களைத் தவறவிட்டு எண்ணை மட்டும் எடுத்தால் ஏழு குழந்தைகள் காணாமல் போவார்கள். பழைய கடிதங்களிலும் உயில்களிலும் வரும் குடும்ப எண்ணிக்கைகள் பெரும்பாலும் இந்த வகைதான். எழுதியவருக்கு அன்றைய நிலைமை போதும். பிற்காலத்தில் யாரோ மொத்தக் கணக்குப் பார்ப்பார்கள் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

## இருபது பேரும் ஒன்றாக இருந்த வீடு இல்லை

“இருபது பிள்ளைகள்” என்றதும் ஒரே கூரையின் கீழ் இருபது பேர் நிறைந்த வீடு மனக்கண்ணில் வந்துவிடுகிறது. அந்தப் படம் சரிதானா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. ஒவ்வொரு பிறப்புக்கும் ஒன்றைக் கூட்ட வேண்டும், ஒவ்வொரு இறப்புக்கும் ஒன்றைக் கழிக்க வேண்டும், எல்லாவற்றையும் தேதி வரிசையில் செய்ய வேண்டும்.

1720-இல் நான்கிலிருந்து தொடங்குவோம். 1723-இல் ஐந்து, 1724-இல் ஆறு, 1725-இல் ஏழு, 1726 ஏப்ரலில் எட்டு. அதே ஆண்டு ஜூனில் மூன்று வயது மகள் இறக்கிறாள், மறுபடி ஏழு. 1727 அக்டோபர் கடைசியில் ஒரு மகன் பிறந்து எட்டாகிறது, நவம்பர் முதல் நாளிலேயே அவன் இறந்து ஏழாகிறது. 1728 செப்டம்பரில் மூன்று வயது மகன் இறக்க ஆறு; அக்டோபரில் ரெகினா யோஹன்னா பிறக்க ஏழு. 1730 ஜனவரி முதல் நாள் ஞானஸ்நானம் பெற்ற குழந்தை நான்காம் தேதி இறக்கிறது. எர்ட்மானுக்கு எழுதிய கடிதத்தில் இருக்கும் அதே ஏழுக்கு நம் கணக்கும் வந்து நிற்கிறது. கணக்கு தடம் மாறவில்லை என்பதற்கு இது நல்ல சோதனை.

அப்புறம் 1731-இல் எட்டு, 1732 ஜூனில் ஒன்பது. இரண்டு மாதம் கழித்து எட்டு. 1733 ஏப்ரலில் ஏழு. நவம்பரில் ஒரு நாள் மட்டும் எட்டாகி மறுபடி ஏழு. 1735-இல் எட்டு, 1737-இல் ஒன்பது, 1739-இல் பெர்ன்ஹார்ட் போக எட்டு, 1742-இல் கடைக்குட்டி ரெகினா சுசன்னா பிறக்க ஒன்பது. அதற்குப் பிறகு 1750 வரை மாற்றம் இல்லை.

இருபது பிள்ளைகளைப் பெற்ற குடும்பத்தில் ஒரே நேரத்தில் உயிரோடு இருந்தவர்கள் அதிகபட்சம் ஒன்பது பேர். வீட்டில் இருந்தவர்கள் அதைவிடக் குறைவு. ஃப்ரீடமான் 1733-இல் டிரெஸ்டனில் வேலைக்குப் போனார், எமானுவேல் 1734-இல் பல்கலைக்கழகப் படிப்புக்காக வேறு ஊர் போனார். 20 என்ற எண் தாய்மார் இருவரின் பாடுகளைச் சொல்கிறது: பத்தொன்பது பிரசவங்கள். சாப்பாட்டு மேசையில் எத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்று கேட்டால் அதற்கு வேறு எண் வேண்டும்.

## சராசரி ஆயுள் எப்படி ஏமாற்றுகிறது

“அந்தக் காலத்தில் சராசரி ஆயுள் முப்பதுக்கும் குறைவு, அதனால் முப்பது வயதுக்காரர் கிழவர்” என்று சிலர் எழுதுவார்கள். பாக்கின் பிள்ளைகளை வைத்தே இதைச் சோதிக்கலாம். இருபது பேரின் ஆயுளையும் கூட்டி இருபதால் வகுத்தால் ஏறத்தாழ 28 ஆண்டுகள் வருகிறது. ஆனால் அவர்களில் ஒருவர்கூட 28 வயதை ஒட்டி இறக்கவில்லை. பத்துப் பேர் ஐந்து வயதுக்குள் போனார்கள். ஐந்து வயதைத் தாண்டிய பத்துப் பேரை மட்டும் எடுத்தால் சராசரி ஏறத்தாழ 55. அவர்களில் மூத்த மகளும் ரெகினா சுசன்னாவும் அறுபதுகளின் நடுவைத் தாண்டினார்கள். ஃப்ரீடமானும் எமானுவேலும் எழுபதைத் தாண்டினார்கள்.

இது ஒரே குடும்பம். மொத்த நாட்டுக்கும் இதே எண் பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் சராசரி எப்படிக் கீழே இழுக்கப்படுகிறது என்பது இங்கே கண்கூடாகத் தெரிகிறது. குறைந்த சராசரியைப் பார்த்து, பெரியவர்கள் எல்லாரும் இளமையிலேயே இறந்தார்கள் என்று முடிவு கட்டினால், தப்பிப் பிழைத்த பிள்ளைகளையும் முன்கூட்டியே சாகடித்துவிடுவோம்.

## உடன்பிறந்தோரை எண்ணும்போது

பிள்ளைகளை எண்ணுவதைவிட உடன்பிறந்தோரை எண்ணுவது சிக்கலானது. பெற்றோர் பக்கமிருந்து பார்த்தால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் வருவார்கள். ஒரு பிள்ளையின் பக்கமிருந்து பார்த்தால் தனக்கு முன்பே இறந்தவர்கள், சேர்ந்து வளர்ந்தவர்கள், தான் வீட்டை விட்டுப் போன பிறகு பிறந்தவர்கள் என்று ஆளுக்கு ஆள் மாறும்.

பாக் “எட்டுப் பிள்ளைகளில் கடைசி” என்று எல்லா வாழ்க்கை வரலாறுகளிலும் இருக்கும். உண்மைதான். மூத்தவனான யோஹான் ருடால்ஃப், பாக் பிறப்பதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்பே, கைக்குழந்தையாக இறந்துவிட்டான். அண்ணன் யோனாஸ் 1685-இலேயே, பத்து வயதில் இறந்தான். அக்கா யூடித்தா 1686-இல் ஆறு வயதில் இறந்தாள். ஆக, பாக்குக்கு நினைவு தெரியும் முன்பே ஏழு மூத்தவர்களில் மூவர் இல்லை. இன்னொரு அண்ணன் பல்தசார் 1691-இல் பதினெட்டு வயதில் இறந்தான். பெற்றோர் இருவரும் ஓர் ஆண்டுக்குள் அடுத்தடுத்துக் காலமாகி, 1695-இல் பாக் அநாதையானபோது, எட்டில் உயிரோடு இருந்தவர்கள் நால்வர். மூத்த அண்ணன் கிறிஸ்டோஃப்தான் பாக்கையும் இன்னொரு அண்ணன் யாக்கோபையும் ஓர்ட்ருஃப் ஊரிலிருந்த தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டார்.

இந்தக் குடும்பத்தில்தான் “பிழைத்தவர்கள்” என்ற சொல்லின் எல்லைக்கோடு எவ்வளவு முக்கியம் என்பது தெரிகிறது. ஐந்து வயதைத் தாண்டியவர்களைக் கேட்டால் எட்டில் ஏழு பேர். பதினைந்து என்று கோடு போட்டால் ஐந்து. இருபத்தொன்று என்றால் நான்கு. பாக்கின் சொந்தப் பிள்ளைகளில் ஐந்து வயதுக்கும் இருபத்து நான்குக்கும் இடையே ஒரு மரணமும் இல்லாததால், கோட்டை எங்கே போட்டாலும் 10 வரும். அது தற்செயல். “இத்தனை பேர் பிழைத்தார்கள்” என்று எங்கே படித்தாலும் எந்த வயது வரை என்று கேட்க வேண்டும். அது சொல்லப்படவில்லை என்றால் இரண்டு நூல்களின் எண்களை ஒப்பிடுவதில் பயனில்லை.

அடுத்த தலைமுறையில் மறுமணத்தின் விளைவும் சேர்கிறது. எமானுவேலுக்கு உடன்பிறந்தோர் எத்தனை பேர்? ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்கள் ஆறு, மாற்றாந்தாய் பிள்ளைகள் பதின்மூன்று. மூத்த கத்தரீனாவுக்கும் கடைசி ரெகினா சுசன்னாவுக்கும் 33 வயது வித்தியாசம். ரெகினா சுசன்னா பிறந்தபோது உயிரோடு இருந்த அண்ணன், அக்காமார் எட்டுப் பேர். மற்ற பதினொரு பேரையும் அவள் பார்த்ததே இல்லை. தாயோ தந்தையோ இளம் வயதில் இறப்பதும், இருப்பவர் மறுமணம் செய்துகொள்வதும் சாதாரணமாக இருந்த காலத்தில், எந்தத் தாய்க்குப் பிறந்தவர் என்பதையும் சேர்த்து எழுதாவிட்டால் “உடன்பிறந்தோர் 19” என்ற எண் பாதித் தகவல்தான்.

## ஒரே பெயர் இரண்டு பிள்ளைகளுக்கு

இறந்த குழந்தையின் பெயரை அடுத்துப் பிறந்த குழந்தைக்கு வைப்பது ஐரோப்பாவில் சகஜம். தாத்தாவின் பெயரோ ஞானத்தந்தையின் பெயரோ குடும்பத்தில் தொடர வேண்டும் என்பதால் அப்படிச் செய்தார்கள். எண்ணுபவருக்கு இது இரண்டு வகையில் தொல்லை: இரண்டு குழந்தைகளை ஒருவராக்கி ஒன்றைத் தொலைக்கலாம், அல்லது ஒருவருடைய பிறந்த தேதியை இன்னொருவருக்குக் கொடுத்துவிடலாம்.

பெத்தோவனுக்கே இது நடந்தது. அவருடைய பெற்றோருக்கு 1769 ஏப்ரலில் லூட்விக் மரியா என்று ஒரு மகன் பிறந்து ஆறு நாளில் இறந்தான். இசையமைப்பாளரான லூட்விக் 1770 டிசம்பர் 17-இல் ஞானஸ்நானம் பெற்றார். தான் இன்னும் இளையவர் என்றே அவர் நம்பியிருந்தார். 1810-இல் நண்பர் வேகலருக்கு எழுதி ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டபோது, தனக்கு முன் லூட்விக் மரியா என்று ஓர் அண்ணன் இருந்தான், அவனுடையதை அனுப்பிவிடாதீர்கள் என்று எச்சரித்தார். வந்த சான்றிதழில் 1770 என்று இருந்தது, அது சரியானதுதான். ஆனால் அவர் அதை நம்பாமல், தனக்கு முன் பிறந்த லூட்விக்கினுடையது என்று கருதி, பின்பக்கத்தில் 1772 என்று குறித்து வைத்தார். ஒருவாரக் குழந்தையாக இறந்த அண்ணனின் பெயர், நாற்பதை நெருங்கிய தம்பிக்குத் தன் வயதையே சந்தேகமாக்கியது.

ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் செய்ய வேண்டியது, அடக்கப் பதிவேட்டில் முதல் குழந்தையின் மரணத்தைத் தேடுவது. இரண்டாவது ஞானஸ்நானத்துக்கு முன்பே மரணம் பதிவாகியிருந்தால் இருவரும் வேறு வேறு என்பது உறுதி.

## பதிவேட்டில் ஏறாதவர்கள்

கடைசியாக, 20 என்பதும்கூட முழு எண் என்று சொல்லிவிட முடியாது. தேவாலயப் பதிவேட்டில் இருப்பது ஞானஸ்நானம், பிறப்பு அல்ல. பாக்கின் பிள்ளைகளில் பலருக்கு நமக்குத் தெரிந்த தேதி ஞானஸ்நான நாள்தான். 1723-இல் பிறந்த கிறிஸ்டியானா சோஃபியா ஹென்ரியெட்டாவுக்குப் பிறந்த நாளும் தெரியாது. அவள் இறந்தது 1726 ஜூன் 29 என்பது மட்டும் தெளிவாகத் தெரிகிறது. இறந்தே பிறந்த குழந்தைகள் ஞானஸ்நானப் பதிவேட்டில் வர மாட்டார்கள். கருச்சிதைவுகள் எதிலும் வரா.

அரச குடும்பங்களில் மட்டும் நிலைமை வேறு, ஏனென்றால் வாரிசு விஷயம் என்பதால் ஒவ்வொரு கர்ப்பமும் செய்தியானது. இங்கிலாந்தின் அரசி ஆன் 17 முறை கருவுற்றார் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. உயிரோடு பிறந்தவர்கள் ஐந்து. இரண்டு வயதைத் தாண்டியவன் வில்லியம் ஒருவன்தான். அவனும் 1700-இல் பதினோரு வயதில் இறந்தான். 1702-இல் ஆன் அரியணை ஏறியபோது உயிரோடு இருந்த பிள்ளைகள் பூஜ்யம். 17, 5, 1, 0. இங்கேயும் நான்கும் சரி.

அன்னா மக்தலேனாவின் பிரசவங்கள் 1723-இலிருந்து 1728 வரை வருடத்துக்கு ஒன்றாக வருகின்றன. அப்புறம் 1737-க்கும் 1742-க்கும் நடுவே நான்கு ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. அங்கே ஒரு கரு கலைந்திருக்கலாம் என்று ஊகிக்கத் தோன்றும். ஆனால் தாய்ப்பால் கொடுக்கும் காலம், நோய், வயது (அவர் நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார்) என்று இடைவெளிக்கு வேறு காரணங்களும் உண்டு. குழந்தை சீக்கிரம் இறந்தால் பால் கொடுப்பது நின்று அடுத்த கர்ப்பம் விரைவில் வருவது இயல்பு. அதனால் இறப்பு மிகுந்த குடும்பத்தில் பிறப்புகளும் நெருங்கி வரும், இறப்பு குறைந்தால் இடைவெளி நீளும். வெறும் இடைவெளியை வைத்து ஒரு குழந்தையைச் சேர்ப்பது கற்பனை. ஆவணம் காட்டும் எண்ணை “பதிவானவர்கள் 20” என்று எழுதி நிறுத்துவதே சரி.